ஒரு பிஷப் அதிகம் இருந்தும் வெல்ல முடியாத ஆட்டம்

1996-ல் ஸ்பெயினின் டோஸ் எர்மனாஸ் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில், ஹங்கேரியின் ஜூடித் பொல்கார் அப்போதைய உலக சாம்பியன் கேரி காஸ்பரோவை எதிர்த்து ஆடினார். சிப்பாய்கள் எல்லாம் தீர்ந்த பிறகு பலகையில் ஐந்தே காய்கள் மிஞ்சின. பொல்காரிடம் ராஜாவும் ஒரு யானையும். காஸ்பரோவிடம் ராஜா, ஒரு யானை, அவற்றோடு ஒரு பிஷப். சரியாக ஆடியிருந்தால் பொல்கார் அதை டிரா செய்திருக்கலாம். மணிக்கணக்கில் ஆடிக் களைத்த பிறகு ஓரிடத்தில் அவர் தவறினார். காஸ்பரோவ் வென்றார்.

யானையும் பிஷப்பும் ஒரு பக்கம், யானை மட்டும் மறுபக்கம் என்ற இந்த இறுதிக்கட்டம் பெரிய போட்டிகளில் அடிக்கடி வரும். சாதாரணமாக இது டிரா. ஆனால் அந்த டிரா தானாகக் கிடைப்பதில்லை. தற்காப்பவர் இரண்டு மூன்று விஷயங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அறியாதவர், உலகின் முதல் வரிசை ஆட்டக்காரராகவே இருந்தாலும், தோற்கக் கூடும். தாக்குபவருக்கு ஆபத்தே இல்லை. டிராவுக்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம் என்று அவர் நிதானமாக ஆடிக்கொண்டே இருக்கலாம். பிரிட்டனின் கிராண்ட்மாஸ்டர் கீத் ஆர்க்கெல், புத்தகத்தில் டிரா என்று எழுதியிருக்கும் இந்த நிலையை மறுபடியும் மறுபடியும் வென்று காட்டியே பெயர் வாங்கியவர்.

ஒரு காய் முழுசாக அதிகம் இருந்தும் ஏன் வெல்ல முடிவதில்லை? சிப்பாய் இல்லாததுதான் முதல் காரணம். சிப்பாய் இருந்தால் அது ராணியாகும் என்ற பயமுறுத்தலே எதிரியைக் கட்டிப்போடும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. நேராக மேட் செய்தாக வேண்டும். எதிரியின் யானையைப் பிடித்துக்கொண்டால் மட்டுமே வேறு வழி. இரண்டாவது காரணம், பிஷப் ஒரே நிறக் கட்டங்களில்தான் நடமாடும். எதிரி ராஜா மற்ற நிறக் கட்டத்தில் நின்றால் அதற்கு பிஷப்பால் செக் கொடுக்க முடியாது. மூன்றாவது, யானைகளை வெட்டிக்கொண்டால் வெறும் பிஷப் மிஞ்சும். பிஷப்பும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்ய முடியாது. ஆகவே தற்காப்பவருக்கு எப்போதும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது: யானைக்கு யானை கொடுத்துவிட்டால் போதும்.

அந்தக் கதவைச் சாத்தும் ஒரு நிலை உண்டு. அதை 1749-ல் தன் புத்தகத்தில் எழுதி வைத்தவர் பிரான்ஸின் ஃபிலிடோர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுதான். சதுரங்கத்தைப் போலவே இசையிலும் கைதேர்ந்தவர். ஓபராக்களுக்கு இசையமைத்துப் புகழ்பெற்றவர். அவர் காட்டிய நிலை இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. இந்தக் கட்டத்தின் தாக்குதல் தற்காப்பு எல்லாமே அந்த ஒரு நிலையைச் சுற்றித்தான் இருக்கிறது. தாக்குபவர் அதை அடையப் பார்க்கிறார், தற்காப்பவர் அதற்கு இடம்கொடாமல் இருக்கப் பார்க்கிறார்.

பலகை ஒன்று கையில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக a முதல் h வரை. கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. வெள்ளை ராஜா d6-ல், பிஷப் d5-ல், யானை f1-ல். கறுப்பு ராஜா d8-ல், யானை e2-ல். வெள்ளையின் முறை.

முதலில் இந்த நிலையின் அமைப்பைப் பார்ப்போம். இரண்டு ராஜாக்களும் ஒரே நெடுவரிசையில் ஒரு கட்டம் மட்டும் இடைவெளி விட்டு எதிரெதிரே நிற்கின்றன. கறுப்பு ராஜா பலகையின் விளிம்பில் இருக்கிறது. அது முன்னேறக்கூடிய c7, d7, e7 மூன்றையும் வெள்ளை ராஜா காவல் காக்கிறது. பிஷப் ராஜாவுக்கு நேர் பின்னால் நிற்பதால், கறுப்பு யானை பின்னாலிருந்து d வரிசையில் செக் கொடுக்க முடியாது. மழைக்குப் பிடித்த குடை போல அந்த பிஷப் மறைத்து நிற்கிறது. பக்கவாட்டில் ஆறாம் வரிசையில் செக் வந்தாலும் பிஷப் c6-க்கோ e6-க்கோ நகர்ந்து அதைத் தடுத்துவிடும். எனவே வெள்ளை ராஜாவை அந்த இடத்திலிருந்து துரத்த கறுப்பால் முடியாது. எட்டாம் வரிசையில் எந்தப் பக்கத்திலிருந்தாவது வெள்ளை யானை செக் கொடுத்தால், குறுக்கே வைக்க ஏதும் இல்லாவிட்டால் அது மேட். கறுப்பின் ஒரே வேலை, அந்தச் செக்குக்குக் குறுக்கே தன் யானையைக் கொண்டுவர முடிகிற இடத்தில் வைத்திருப்பது.

வெள்ளை யானை வலப்பக்கத்திலிருந்து வந்தால் கறுப்பு யானை e8-க்கு வர வேண்டும். அதற்கு அது e வரிசையில் இருக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வந்தால் c8-க்கு வர வேண்டும். அதற்கு c வரிசையில் இருக்க வேண்டும். வெள்ளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும்போதெல்லாம் கறுப்பு யானையும் e-யிலிருந்து c-க்கும் c-யிலிருந்து e-க்கும் தாவியாக வேண்டும். இதை வெகுநேரம் செய்ய முடிகிற ஒரே இடம் இரண்டாம் கிடைவரிசை. e2, c2 இரண்டும்தான் கறுப்புக்கு நல்ல கட்டங்கள். ஏன் என்பது ஆட்டம் நகர நகரப் புரியும். வெள்ளையின் திட்டம் ஒன்றே ஒன்று: அந்த யானையை இரண்டாம் வரிசையிலிருந்து கிளப்பி முதல் வரிசைக்கோ மூன்றாம் வரிசைக்கோ அனுப்புவது.

வெள்ளை யானையை f8-க்குக் கொண்டுபோய் செக் சொல்கிறது. கறுப்பு யானை e8-ல் குறுக்கே நிற்கிறது. இப்போது வெள்ளை வெட்டிக்கொள்ளாது, வெட்டினால் டிரா. யானையை f7-க்குப் பின்வாங்குகிறது. e8-ல் கறுப்பு யானைக்கு வசதி இல்லை, அது திரும்பி e2-க்குப் போகிறது. மூன்றாவது நகர்வில் வெள்ளை யானையை f7-லிருந்து g7-க்கு ஒரே ஒரு கட்டம் நகர்த்துகிறது. முதன்முறை பார்ப்பவருக்கு இது ஒன்றும் செய்யாத நகர்வாகத் தெரியும். g8-ல் மேட் என்ற மிரட்டல் முன்பு போலவே இருக்கிறது. கறுப்பு e வரிசையை விடக் கூடாது. ஆனால் முறை இப்போது கறுப்புடையது, எதையாவது நகர்த்தித்தான் ஆக வேண்டும். ராஜாவை c8-க்கோ e8-க்கோ ஓட்டினாலும் தோல்வி தொடரும். e4, e5, e6, e7 கட்டங்களுக்குப் போனால் யானை வெட்டப்படும். மிஞ்சுவது e1 அல்லது e3. இரண்டாம் வரிசையை விட்டு வந்துவிட்டது. காத்திருக்கும் ஒரு நகர்வுதான் இந்தப் போரின் முதல் வெற்றி.

கறுப்பு யானை e1-க்குப் போனதாக வைத்துக்கொள்வோம். வெள்ளை யானை உடனே b7-க்குத் தாவுகிறது. அடுத்து b8-ல் மேட். கறுப்பு யானை c1-க்கு வருகிறது, c8-ல் குறுக்கே நிற்கும் நோக்கத்தில். இதற்கு வெள்ளையின் பதில்தான் ஃபிலிடோரின் மணியான நகர்வு: பிஷப் d5-லிருந்து b3-க்குப் போகிறது.

ராஜாவுக்குப் பின்னால் இருந்த பாதுகாப்பைத் தானே எடுத்துவிடுகிறது போலத் தோன்றும். d வரிசை திறந்துவிட்டதே, கறுப்பு யானை d1-ல் செக் சொல்லலாமே? சொல்ல முடியாது, b3-லிருந்து பிஷப் d1-ஐக் கண்காணிக்கிறது, வந்தால் வெட்டிவிடும். கறுப்பு யானை c2-ல் இருந்திருந்தால் d2-க்குப் போய் நிம்மதியாகச் செக் சொல்லியிருக்கும்; d2-ஐ இந்த பிஷப் பார்க்கவே முடியாது. இரண்டாம் வரிசை ஏன் தற்காப்புக்கு நல்லது, முதல் வரிசை ஏன் கெடுதல் என்பதற்கு விடை இந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது.

கறுப்பு இப்போது சும்மா இருந்தால், வெள்ளை யானை f7-க்குத் தாவி f8-ல் மேட் என்று மிரட்டும். கறுப்பு e1-க்கு ஓடினால் பிஷப் b3-லிருந்து a4-க்குப் போகும். அங்கிருந்து அது ஒரே நேரத்தில் e8-ஐயும் d1-ஐயும் பார்க்கிறது. e8-ல் யானை குறுக்கே வந்தாலும் பயனில்லை, d1-ல் செக்கும் கிடையாது. ஆகையால் கறுப்பு பிஷப்பைத் தாக்குகிற c3-க்கு யானையைக் கொண்டுவருகிறது. அதுதான் வெள்ளைக்கு வேண்டியது: யானை மூன்றாம் வரிசைக்கு வந்துவிட்டது.

ஆறாவது நகர்வில் பிஷப் e6-க்குப் போகிறது. அது c8-ஐக் காவல் காப்பதால் b8-ல் செக் வந்தால் குறுக்கே நிற்பது வீண். கறுப்புக்கு ஒரே வழி d3-ல் செக். வெள்ளை பிஷப்பை d5-க்குக் கொண்டுவந்து தடுக்கிறது. கறுப்பு யானை மீண்டும் c3-க்கு. இப்போது நிலை தொடக்கத்தில் இருந்தது போலவேதான் இருக்கிறது, ஒரே ஒரு வித்தியாசம்: கறுப்பு யானை c2-ல் இல்லாமல் c3-ல் இருக்கிறது. ஐந்து நகர்வுகளின் உழைப்பு அந்த ஒரு கட்டத்துக்காக.

அதன் பிறகு வெள்ளை யானை d7-ல் செக் சொல்கிறது. கறுப்பு ராஜா c8-க்குப் போகிறது (e8-க்குப் போனாலும் தப்பாது). வெள்ளை யானை f7-க்குப் போய் f8-ல் மேட் என்று மிரட்டுகிறது. ராஜா b8-க்கு ஓடுகிறது. யானை b7-ல் செக். பிஷப் d5-லிருந்து அதைக் காக்கிறது, ராஜாவால் வெட்ட முடியாது. ராஜா a8-க்குப் போனால் யானை b3-க்கு இறங்கியதும் பிஷப்பிலிருந்து செக் பாயும், கறுப்பு யானை போய்விடும். ஆகவே அது c8-க்குத் திரும்புகிறது. பதினோராவது நகர்வில் வெள்ளை யானை b4-க்கு இறங்குகிறது. கறுப்பு ராஜா d8-க்கு. இப்போது வெள்ளை பிஷப்பை d5-லிருந்து c4-க்கு நகர்த்துகிறது.

அந்தக் கட்டத்தில் பிஷப் செய்கிற வேலைகள் மூன்று. c3-ல் உள்ள கறுப்பு யானைக்கும் c8-க்கும் இடையே நின்று, யானை எட்டாம் வரிசைக்குப் போகும் வழியை அடைக்கிறது. d3-ஐக் காவல் காப்பதால் அங்கே செக் சொல்ல முடியாது. b4-ல் உள்ள யானை பிஷப்பைக் காக்கிறது, எனவே c4-ல் அதை வெட்டவும் முடியாது. அடுத்து b8-ல் மேட். கறுப்பு ராஜா c8-க்கு ஒதுங்கினால், பிஷப் e6-ல் செக் சொல்கிறது. ராஜா d8-க்குத் திரும்புகிறது. யானை b8-ல் செக். கறுப்பு யானை c8-ல் குறுக்கே வருகிறது. யானை அதை வெட்டுகிறது, மேட். மொத்தம் பதினைந்து நகர்வுகள். கறுப்பு யானை மூன்றாவது நகர்வில் e1-க்குப் பதில் e3-க்குப் போயிருந்தால், இதே கதை கண்ணாடியில் பார்த்தது போல மறுபக்கத்தில் நடக்கும். பிஷப் c4-க்குப் பதில் e4-ல் வந்து நின்று வழியடைக்கும்.

இதை ஒருமுறை பலகையில் நகர்த்திப் பார்த்தால், தற்காப்பவர் எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தெளிவாகும். தன் ராஜா விளிம்பில் நிற்பது, அதற்கு நேரே ஒரு கட்டம் விட்டு எதிரி ராஜா நிற்பது, அதன் பின்னால் பிஷப் ஒட்டி நிற்பது: இந்த மூன்றும் ஒன்றுசேரக் கூடாது. சேர்ந்துவிட்டால் இரண்டாம் வரிசையில் யானையை வைத்திருந்தாலும், மேலே பார்த்தது போல, வெள்ளைக்கு வழி தெரிந்திருந்தால் தப்ப முடியாது. சேராமல் தடுக்க இரண்டு முறைகள் தற்காப்பவர்கள் கையாளுகிறார்கள்.

முதலாவது காக்ரேன் தற்காப்பு. ஜான் காக்ரேன் ஸ்காட்லாந்துக்காரர். 1822-ல் சதுரங்கம் பற்றி ஒரு நூல் எழுதியவர். பின்னாளில் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்தார். அங்கே மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காள ஆட்டக்காரரோடு நிறைய ஆட்டங்கள் ஆடினார். இன்று இந்தியத் தற்காப்புகள் என்று உலகம் அழைக்கிற தொடக்கங்களுக்குப் பெயர் வந்ததில் அந்த ஆட்டங்களுக்குப் பங்குண்டு. இறுதிக்கட்டத்தில் அவர் பெயரில் நிற்கும் தற்காப்பு பிஷப்பைக் கட்டிப்போடுவதுதான்.

வெள்ளை ராஜா e5-ல், பிஷப் e4-ல், யானை a7-ல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ராஜா e8-ல், யானை e1-ல். ராஜாக்களுக்கு இடையே இரண்டு கட்டங்கள், e6-ம் e7-ம், இருக்கின்றன. கறுப்பு யானை தொலைவிலிருந்து பிஷப்பை அதன் ராஜாவோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. பிஷப் நகர்ந்தால் ராஜாவுக்குச் செக், அதனால் அது நகரவே முடியாது. வெள்ளைக்கு வேண்டியது ராஜாவை e6-க்குக் கொண்டுபோய் ஃபிலிடோர் நிலையை அமைப்பது. ஆனால் ராஜா e6-க்குப் போனால் பிஷப்பைக் காக்க யாரும் இல்லை. கறுப்பு யானை அதைச் செக்கோடு வெட்டிவிடும். யானையை a4-க்குக் கொண்டுவந்து பிஷப்பைக் காக்கலாம். ஆனால் அப்போது ஏழாம் வரிசையின் காவல் போய்விடும், கறுப்பு ராஜா விளிம்பை விட்டு வெளியேறும். எதைச் செய்தாலும் வேறொன்று கெடுகிறது. தாக்குபவருக்கு இதுதான் தலைவலி.

ஆகவே வெள்ளை ராஜா பக்கவாட்டில் ஒதுங்கிக் கட்டை அவிழ்க்க முயலும். உதாரணமாக d4-க்குப் போகும். இங்கே காக்ரேன் தற்காப்பின் உயிரான விதி வருகிறது: எதிரி ராஜா எந்தப் பக்கம் போகிறதோ, உங்கள் ராஜா அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். வெள்ளை ராஜா d பக்கம் போனால் கறுப்பு ராஜா f8-க்கு. வெள்ளை ராஜா f4-க்குப் போனால் கறுப்பு ராஜா d8-க்கு. வெள்ளை ராஜா மீண்டும் நேரே வந்து நிற்க எத்தனை நகர்வுகள் தேவையோ, அத்தனை நேரம் கிடைக்கிறது. பழக்கத்தில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எதிரி ராஜா போகும் பக்கமே தன் ராஜாவையும் கொண்டுபோனால் பாதுகாப்பு என்று மனசு சொல்லும். அப்படிப் போனால் ராஜாக்கள் எதிரெதிரே வந்துவிடும், பிஷப்பும் விடுபட்டிருக்கும், ஃபிலிடோர் நிலை தயார்.

யானை e1-ல் இருப்பதிலும் ஒரு காரணம் உண்டு. e4-ல் உள்ள பிஷப் வெள்ளைக் கட்ட பிஷப். E1 கறுப்புக் கட்டம். அந்த பிஷப்பால் அந்த யானையை எந்நாளும் தாக்க முடியாது. யானை கிட்டே இருந்தால் எதிரி ராஜாவோ பிஷப்போ அதைத் தொந்தரவு செய்து நேரம் சம்பாதிக்கும். தொலைவில், எதிர் நிறக் கட்டத்தில் இருந்தால் அந்த வசதி கிடைக்காது. இன்னொன்று: இந்தத் தற்காப்பு பலகையின் நடு வரிசைகளில்தான் நன்றாக வேலை செய்யும். ராஜா இரண்டு பக்கமும் ஓட இடம் வேண்டும். a வரிசை, h வரிசை ஓரங்களில் அந்த இடம் கிடையாது.

இரண்டாவது முறைக்கு இரண்டாம் வரிசைத் தற்காப்பு என்று பெயர். இதில் தற்காப்பவரின் ராஜாவும் யானையும் தங்கள் பக்கத்து இரண்டாம் கிடைவரிசையில், அதாவது கறுப்பானால் ஏழாவதில், சேர்ந்து நிற்கின்றன. ராஜா விளிம்பில் இல்லை என்பதால் மேட் அச்சம் அவ்வளவாக இல்லை. யானை அந்த வரிசையில் இங்குமங்கும் நகர்ந்து காத்திருக்கலாம். எதிரி யானை மேலே வந்தால் ராஜாவைக் கிளப்பலாம். ஆனால் ராஜா எட்டாம் வரிசைக்குப் பின்வாங்கி, எதிரி ராஜா நேரே வந்து நின்றாலும் ஏழாம் வரிசை யானை கைகொடுக்கும். எப்படி என்பதை ஒரு நிலையில் காட்டுகிறேன்.

கறுப்பு ராஜா g8-ல், யானை b7-ல். வெள்ளை ராஜா g6-க்கு வந்து நிற்கிறது, பிஷப் e5-ல், யானை d1-ல். அடுத்து d8-ல் மேட் என்பது மிரட்டல். கறுப்பின் முறை. யானை b7-லிருந்து g7-க்குப் பாய்ந்து செக் சொல்கிறது! வெள்ளை பிஷப் அதை வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பிஷப் g7-ல் நின்று f8, h8 இரண்டையும் பார்க்கிறது. வெள்ளை ராஜா f7-ஐயும் h7-ஐயும் பார்க்கிறது. g7-ல் உள்ள பிஷப்பை ராஜா காக்கிறது. கறுப்பு ராஜாவுக்குச் செக் இல்லை, போக இடமும் இல்லை, வேறு காயும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா.

வெள்ளை வெட்டாமல் ராஜாவை h6-க்கு ஒதுக்கினால், கறுப்பு யானை h7-ல் செக். g8 ராஜா அதைக் காப்பதால் வெட்ட முடியாது. ராஜா g6-க்குத் திரும்பினால் மறுபடி g7-ல் செக். ராஜா f6-க்குப் போனால் f7-ல் செக். அங்கேயும் g8 ராஜா யானையைக் காக்கிறது. இப்படியே வெள்ளை ராஜாவுக்கு அந்த இடத்தில் நிலைகொள்ள வழியில்லாமல் போகிறது. ஏழாம் வரிசையில் யானைக்கு நடுவே வேறு காய் இல்லாமல் வழி திறந்திருந்தால்தான் இந்தப் பாய்ச்சல் நடக்கும். அதுதான் தற்காப்பவர் ஒவ்வொரு நகர்விலும் கவனிக்க வேண்டியது. பிஷப் மற்ற நிறத்தில் இருந்தால் அது g7-ஐத் தொடவே முடியாது. ஆனால் f7 போன்ற கட்டங்களை அது பார்க்கும், அப்போது f7-ல் செக் சொன்னால் பிஷப் வெட்டிவிடும். எந்த நிற பிஷப் என்பதைப் பார்த்து எந்தக் கட்டத்தில் பாய்வது என்று தீர்மானிக்க வேண்டும்.

தாக்குபவர் இந்த இரண்டு தற்காப்புகளையும் எப்படி உடைக்கப் பார்க்கிறார்? நேரடியாக உடைப்பது கடினம்; ஆனால் அவர் எதிரியை ஒரு தற்காப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற வைக்கலாம். இரண்டாம் வரிசையில் ஒழுங்காக நின்றவர், யானை செக்கால் ராஜாவை நகர்த்த வேண்டி வரும்போது, காக்ரேன் கட்டுக்குப் போகலாமா அப்படியே நிற்கலாமா என்று குழம்புவார். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் பிழை வருகிறது. ஆகவே தாக்குபவர் அவசரப்படாமல் ராஜாவை ஆறாம் வரிசைக்குக் கொண்டுவந்து, யானையைப் பக்கம் மாற்றி மாற்றி வைத்து, எதிரியின் ராஜா எந்தப் பக்கம் தவறாக ஒதுங்கும் என்று காத்திருப்பார். அவர் தேடும் அடையாளம் ஒன்றுதான்: ராஜாக்கள் ஒரு கட்ட இடைவெளியில் எதிரெதிரே வருவதும், அந்த நேரத்தில் பிஷப் கட்டுப்படாமல் இருப்பதும்.

தற்காப்பவர் பக்கம் இன்னொரு துணை உண்டு: ஐம்பது நகர்வு விதி. காய் வெட்டப்படாமலும் சிப்பாய் நகராமலும் இருவரும் தலா ஐம்பது நகர்வுகள் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம். இங்கே சிப்பாயே இல்லாததால், கடைசியாகக் காய் வெட்டப்பட்ட நகர்விலிருந்து எண்ணத் தொடங்கலாம். கணினிகள் இந்த ஐந்து காய் நிலைகள் எல்லாவற்றையும் முழுதாகக் கணக்கிட்டபோது, சில நிலைகளில் இரு பக்கமும் மிகச் சரியாக ஆடினால் வெற்றிக்கு 59 நகர்வுகள் வரை தேவைப்படும் என்று தெரிய வந்தது. அதனால் ஐம்பதுக்கு மேல் ஆட அனுமதிக்கும் விலக்குகளை உலக சதுரங்கக் கூட்டமைப்பு சில இறுதிக்கட்டங்களுக்கு ஒரு காலத்தில் வைத்திருந்தது. 1992-ல் அவற்றைக் கைவிட்டு எல்லாவற்றுக்கும் ஐம்பதே என்று ஆக்கியது. வெல்லக்கூடிய நிலையே ஆனாலும் ஐம்பதுக்குள் முடிக்காவிட்டால் டிரா.

இந்த டிரா தானாக வராது, கேட்டுப் பெற வேண்டும். நடுவர் தானாகத் தலையிட்டு ஆட்டத்தை நிறுத்துவது எழுபத்தைந்து நகர்வுகள் முடிந்த பிறகுதான். எனவே தற்காப்பவர் ஆட்டத்தாளில் கடைசி வெட்டு நடந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். ஐம்பதாவது நகர்வு தன்னுடையதாக இருந்தால், அதைப் பலகையில் ஆடாமல் தாளில் மட்டும் எழுதி, நடுவரை அழைத்து, இந்த நகர்வோடு ஐம்பது நிறைகிறது என்று சொல்ல வேண்டும். காயைத் தொட்டு நகர்த்தி கடிகாரத்தை அமுக்கிவிட்டால் அந்த முறையில் கேட்கும் உரிமை போய்விடும். எதிராளி ஆடிய பிறகு, தன் முறை மீண்டும் வரும்போதுதான் கேட்க முடியும்.